இறந்தவரின் போனை யார் திறப்பது?

கேள்வி: ஊரை விட்டுப் போன சாஃப்ட்வேர் என்ஜினியர் ஒருவன் அப்பாவின் இறுதிச் சடங்குக்காகத் திரும்பி வருகிறான். அவனைச் சுற்றி எல்லோருக்கும் பழைய எதிர்பார்ப்புகள். இதைச் சிறுகதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் வசனமாகவே போய், சீரியல் பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது? அவன் என்ஜினியராக இருப்பது கதைக்கு ஏதாவது உதவுமா?

பதில்:

உதவும். இந்தக் கதையைத் தூக்கி நிறுத்தப் போவதே அதுதான். உங்கள் வரைவில் அவனை வங்கி அதிகாரியாகவோ பல் மருத்துவராகவோ மாற்றிப் படித்துப் பாருங்கள். ஒரு வரிகூட மாறவில்லை என்றால், அந்தத் தொழில் அவனுக்கு வெறும் சட்டையாகத்தான் இருக்கிறது. கழற்றி மாட்டலாம், உடம்பில் ஒட்டியதில்லை.

முதலில் வசனத்தைப் பார்ப்போம். “எப்போது திரும்பி வரப்போகிறாய்?”, “உன் அப்பா உன்னை நம்பித்தான் இருந்தார்” போன்ற வரிகளை வாசகர் நீங்கள் எழுதுவதற்கு முன்பே எழுதி முடித்துவிடுவார். அதோடு, சாவு விழுந்த வீட்டில் யாரும் அப்படி உட்கார்ந்து எதிர்பார்ப்பை விளக்குவதில்லை. வேலை சொல்வார்கள். “நீ வாசலில் நில்.” “இதில் நீயே கையெழுத்துப் போடு.” “படித்தவன் நீ, நீயே பேசு.” இப்படி ஏவப்படும் ஒவ்வொரு வேலைக்குள்ளும் அவன் யார் என்பதைப் பற்றிய ஒரு கணிப்பு இருக்கிறது. அந்தக் கணிப்பு அவன் ஊரை விட்டுப் போன அன்று நின்றுபோனது. வேலையை அவன் செய்கிறான், அல்லது செய்ய முடியாமல் நிற்கிறான். கணிப்புக்கும் ஆளுக்கும் நடுவில் உள்ள தூரம் அங்கே தானாகத் தெரிந்துவிடும். நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே எதிர்பார்ப்பை வேலையாக மாற்றுங்கள். பத்து வேலை வேண்டாம், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நீடிக்கும் ஒன்றே ஒன்று போதும். கதாநாயகன் சாஃப்ட்வேர் ஆள் என்னும்போது அந்த வேலை உங்கள் முன்னாலேயே கிடக்கிறது: இறந்தவரின் பூட்டிய போன்.

யோசித்துப் பாருங்கள். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்கள் அதில் இருக்கின்றன. சட்டம் போட்டு மாட்டுவதற்கு ஒரு நல்ல படம் அதில் இருக்கிறது. யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதும் அதில்தான். வீட்டில் உள்ளவர்கள் அதைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் ‘பெரியவன் வருகிறான்’. அவன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சித்தப்பா போனைக் கையில் கொடுத்துவிடுகிறார். “நீதான் கம்ப்யூட்டர் படித்தவன் ஆயிற்றே, திற.” அவர்கள் கணக்கில் கம்ப்யூட்டர் படித்தவன் என்றால் எந்த மின்கருவியையும் திறக்கத் தெரிந்தவன். அவனுக்கோ, அது தன்னைப் போன்றவர்கள், தன்னைப் போன்ற ஒருவனால் திறக்க முடியாதபடி வேண்டுமென்றே செய்து வைத்த பூட்டு என்று தெரியும். இதை அந்தக் கூடத்தில் எப்படி விளக்குவான்? விளக்கினால் சாக்குச் சொல்வதுபோல் இருக்கும். கதை அங்கே தொடங்கிவிட்டது.

இப்போது தொழில்நுட்பத்தை நேராக வைத்துக்கொள்ளுங்கள். இதில் தவறினால் கதையைப் படிக்கும் பாதிப் பேர் அந்த இடத்திலேயே இறங்கிவிடுவார்கள். அவர்களில் பலர் இதே தொழிலில் இருப்பவர்கள்.

ஆண்ட்ராய்டு 10 உடனோ அதற்குப் பிறகோ வெளிவந்த போன்களில் கோப்புகள் அனைத்தும் மறையாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகின்றன. உரியவர் ரகசிய எண்ணைப் போட்டால்தான் அவற்றைப் படிப்பதற்கான திறவுகோல் உருவாகும். திரையைப் பிரித்தாலும் நினைவகத்தைக் கழற்றி வேறொன்றில் மாட்டினாலும் கிடைப்பது பொருளற்ற எண்குவியல்தான். தவறான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் போன் காக்க வைக்கும். முதலில் அரை நிமிடம், பிறகு போகப் போக நீண்டுகொண்டே போகும். நான்கு இலக்க எண்ணுக்கு மொத்தம் 10,000 சாத்தியங்கள்தான் என்றாலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க முடியாமல் போவது இந்தக் காத்திருப்பால்தான்.

கைரேகையை வைத்து ஒரு காட்சி எழுதும் ஆசை உங்களுக்கு வந்திருக்கும். எல்லோருக்கும் வரும்: யாரும் பார்க்காத நேரத்தில் மகன் அப்பாவின் குளிர்ந்த விரலைப் பிடித்துப் போனில் வைக்கிறான். எழுதாதீர்கள். 2018இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் போலீசார் உடல் வைக்கப்பட்டிருந்த இடத்துக்கே போய் இறந்தவர் ஒருவரின் விரலை அவருடைய போனில் வைத்துப் பார்த்தார்கள், திறக்கவில்லை. பரவலாக உள்ள கைரேகை உணரிகளில் பல உயிருள்ள தோலின் மின்தன்மையை நம்பியே வேலை செய்கின்றன. அதைவிட முக்கியமான காரணம் வேறு. போன் அணைந்து மறுபடி இயங்கினால் முதல் தடவை கைரேகையை ஏற்காது, எண்ணைத்தான் கேட்கும். அணையாமலே இருந்தாலும் ஆண்ட்ராய்டில் 72 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எண்ணைக் கேட்கும். உங்கள் கதையில் அப்பா கையால் உழைத்தவர் என்றால் இன்னும் எளிது: தேய்ந்துபோன விரல்களை உணரிகள் பல நேரம் படிப்பதே இல்லை. அதனால் அவர் கைரேகையே பதியாமல் எண்ணை மட்டும் வைத்திருந்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

பூட்டிய போனைப் பற்றி இன்னும் இரண்டு விஷயங்கள் சொல்கிறேன். கதைக்கு இவை பெரிய கொடை. மருத்துவமனையில் பையில் கிடந்த போன் பேட்டரி தீர்ந்து அணைந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா சார்ஜ் போட்டிருப்பாள். போன் உயிர்பெறும், ஆனால் எண்ணைப் போடும்வரை உள்ளே சேமித்த பெயர்களை அதனாலேயே படிக்க முடியாது. அழைப்பு வரும், மணி அடிக்கும், திரையில் வெறும் எண் மட்டும் தெரியும். எடுப்பவர் “யார் பேசுகிறீர்கள்?” என்று கேட்க வேண்டும். மறுமுனையில் இருப்பவரோ முப்பது வருடப் பழக்கத்தில், குரலைக்கூடக் கவனிக்காமல், அப்பாவை அழைப்பதுபோலவே பேசத் தொடங்கிவிடுவார். செய்தியைச் சொல்ல வேண்டியது போனை எடுத்தவன். பெயர் தெரியாத ஒருவரிடம், அவர் அப்பாவுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதும் தெரியாமல், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அலாரம். போன் பூட்டியிருந்தாலும் ஏற்கெனவே வைத்த அலாரம் பல போன்களில் வழக்கம்போல் அடிக்கும். ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்கள், இரவில் போன் தானாக மறுதொடக்கம் ஆகிவிட்டால் காலையில் ஆள் எழுந்திருக்காமல் போய்விடக் கூடாதே என்று 2016இல் 7ஆம் பதிப்பில் இதற்காகவே வழி செய்து வைத்தார்கள். அடிக்கும் அலாரத்தை விரலால் தள்ளி நிறுத்தலாம். ஆனால் நாளைக்கு அடிக்காதே என்று சொல்ல முடியாது, அதற்கு எண் வேண்டும். விடியற்காலை 5 மணிக்கு அப்பாவின் அலாரம் அடிக்கிறது, யாரோ எழுந்து நிறுத்துகிறார்கள், மறுநாளும் அடிக்கிறது. இதைப் பற்றி ஒரு உணர்ச்சிச் சொல்கூடச் சேர்க்காதீர்கள். முக்கியமாக, இதைக் கதையின் முடிவாக வைக்காதீர்கள். நடுவில் இரண்டு வரியில் கடந்து போங்கள். முடிவில் வைத்தால் வாசகர் கண்ணில் நீரை எதிர்பார்த்துக் கைக்குட்டையோடு நிற்பதுபோல் ஆகிவிடும்.

அடுத்து, போனைத் திறப்பதற்கு ஒரு நிஜமான அவசரம் வேண்டும். நினைவுகள், படங்கள் என்று போனால் மென்மையாகிவிடும். நான் எழுதினால் அப்பாவை மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவராக வைப்பேன். வீட்டை ஒட்டிய பட்டறை, அதில் பழுது பார்க்க வந்த மோட்டார்கள். எதிலும் சீட்டு ஒட்டியிருக்காது. எது யாருடையது என்பதை அவர் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். சாவுக்கு வந்தவர்களில் இருவர், கேட்கத் தயங்கித் தயங்கி, “என் மோட்டார்…” என்று இழுக்கிறார்கள். ஒன்றுபோலவே இருக்கும் மோட்டார்கள், பாதிக்குச் செம்புக்கம்பி சுற்றி மீதி அப்படியே நிற்கிறது. யாருக்கு எதைக் கொடுப்பது?

இப்போது போன் வெறும் நினைவுப்பொருள் இல்லை, பட்டறையின் பேரேடு. பழைய எதிர்பார்ப்பும் அதற்குள்ளேயே வந்துவிட்டது. ‘இந்தப் பட்டறையை நீ எடுத்து நடத்த வேண்டும்’ என்று யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. “மோட்டாரை அடையாளம் காட்டு” என்று கேட்டாலே போதும். அவனுக்கு ஒரு மோட்டாரைக்கூட அடையாளம் தெரியவில்லை.

முதலில் அவன் தனக்குத் தெரிந்த சரியான காரியத்தைச் செய்யட்டும்: சிம் கார்டைக் கழற்றித் தன் இன்னொரு போனில் போடுகிறான். அழைப்புகள் அதில் வரும். பெயர்கள் வராது, ஏனென்றால் இப்போது பெரும்பாலும் யாரும் பெயர்களைச் சிம்மில் சேமிப்பதில்லை. வங்கியின் ஓடிபியும் அதற்கு வரும். அதைத் தெரிந்துகொண்ட உறவினர் ஒருவர், “அப்படியானால் அவர் கணக்கிலிருந்து செலவுக்கு எடுத்துவிடலாமே” என்பார். இறந்தவர் கணக்கை அவர் பெயரில் இயக்கக் கூடாது, வாரிசு என்று முறைப்படி போய்த்தான் வாங்க வேண்டும் என்று இவன் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் ‘சட்டம் பேசுகிறான்’ என்று பெயர். இந்த இடத்தை நீட்டாதீர்கள். ஒரு முகச்சுளிப்போடு போதும்.

பின்னொரு மிரட்டலும் வேண்டும். சித்தப்பாவின் மகன், “எனக்குத் தெரிந்த ஒருவர் எந்த லாக்கையும் எடுத்துவிடுவார், அரை மணி நேர வேலை” என்று போனை வாங்கக் கை நீட்டுகிறான். அந்த ஆள் செய்யப்போவது என்ன என்று என்ஜினியருக்குத் தெரியும்: போனை முழுக்க அழித்துப் புதிதாக்கிக் கொடுப்பார். பூட்டு போய்விடும், படங்களும் போய்விடும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இவன் தானும் திறக்காமல் திறப்பவனையும் தடுப்பவனாகத்தான் தெரிவான். அவனுடைய அறிவு முழுவதும் ஒரு ‘வேண்டாம்’ என்ற சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. அவன் தொழிலின் நிலைமையே பெரும்பாலும் இதுதான் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும்.

இனி, கதையின் மையக் காட்சி. கூடத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க அவன் எண்களைப் போட்டுப் பார்க்கிறான். ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். சொல்லும் ஒவ்வொருவரும் தன்னை அறியாமல், இறந்தவர் எதைப் பெரிதாக நினைத்தார் என்று தான் நம்புகிறாரோ அதைச் சொல்லிவிடுகிறார். கூட்டத்தில் யாரும் பேசாமலே அத்தனை பேருடைய அப்பாவும் வெளியே வந்துவிடுவார்கள். இப்படி:

“கல்யாணத் தேதியைப் போட்டுப் பார்” என்றாள் அம்மா. சொன்னபின் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். இல்லை.

“பட்டறை ஆரம்பித்த வருஷம். அதுவாகத்தான் இருக்கும்” என்றார் சித்தப்பா. அதுவும் இல்லை. போன் அரை நிமிடம் காத்திருக்கச் சொன்னது. எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. யாரும் பேசவில்லை.

நேரம் முடிந்ததும் அவன் போனைத் தன் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டான். யாரும் சொல்லாத ஓர் எண்ணைப் போட்டான். போன் அதிர்ந்தது.

“என்ன போட்டாய்?” என்றார் சித்தப்பா.

“சும்மா” என்றான்.

அவன் போட்டது தன் பிறந்த வருடம். இதை நீங்கள் எழுதவே வேண்டாம். ‘யாரும் சொல்லாத ஓர் எண்’ என்றும் ‘சாய்த்துக்கொண்டான்’ என்றும் எழுதினால் போதும், வாசகர் பிடித்துக்கொள்வார். இத்தனை நாள் எதிர்பார்ப்பால் நசுங்கியவனாக நாம் பார்த்த ஆள், அந்த எதிர்பார்ப்பு தன் மேல் இருந்ததா என்று திருட்டுத்தனமாகச் சரிபார்க்கிறான். இல்லை என்று பதில் வருகிறது. பாரமாக இருப்பதைவிட, அந்தப் பாரமே இல்லாமல் போவது இன்னும் கஷ்டம். இந்த ஒரு சைகைக்காகவே மற்ற எல்லாவற்றையும் எழுதலாம்.

தயவுசெய்து ரகசிய எண் மகனின் பிறந்த நாள்தான் என்று கடைசியில் திறக்க வைத்துவிடாதீர்கள். அப்பாவின் மனது அவ்வளவு சுலபமாகத் திறந்தால் கதை மூடிவிடும். எண் எந்தப் பாசமும் இல்லாத எண்ணாக இருக்கட்டும். நான் 2580 என்று வைப்பேன். போனின் எண்பலகையில் நடுவரிசை, மேலிருந்து கீழ்.

அதைத் தெரிந்தவள் தங்கை. ஊரிலேயே இருந்தவள். அந்தப் போனை வாங்கி, அமைத்துக் கொடுத்து, பேர்களை ஏற்றியவளும் அவள்தான். அந்தக் கூடத்தில் அவளும் இருந்தாள். இரண்டு நாளாக ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. ஏனென்றால் என்ஜினியர் வந்திருக்கிறான்.

உங்கள் கேள்வியில் எதிர்பார்ப்பு என்பது மகன் மேல் விழும் பாரமாக மட்டும் இருக்கிறது. எனக்கு அது பாதிக் கதையாகப் படுகிறது. ஒருவன் மேல் எல்லா எதிர்பார்ப்பும் குவிந்திருக்கும் வீட்டில், பக்கத்தில் எதிர்பார்ப்பே இல்லாமல் விடப்பட்ட இன்னொருவர் கட்டாயம் இருப்பார். பெரும்பாலும் வீட்டு வேலையெல்லாம் அவர்தான் செய்துகொண்டிருப்பார். திரும்பி வந்தவன் அதைப் பார்க்கிறானா, இல்லையா? அவனுக்கு நீங்கள் வைக்க வேண்டிய பரீட்சை இது.

அவள் சொல்லும் இடத்தை நான் இப்படி எழுதுவேன். கூட்டம் கலைந்தபின், பட்டறை வாசல்:

“அண்ணா, விடு. இனியும் தப்பாகப் போட்டால் இன்னும் நேரம் பிடிக்கும்.”

“உனக்குத் தெரியுமா?”

“நான்தானே போட்டுக் கொடுத்தேன்.”

அவள் போனை வாங்கவில்லை. அவன் கையில் இருக்கும்போதே ஆள்காட்டி விரலை நடுவரிசையில் இறக்கினாள். இரண்டு, ஐந்து, எட்டு, சைபர்.

“அப்பாவுக்கு விரல் தடிமன். பக்கத்து எண்ணும் சேர்ந்து அழுந்திவிடும். நேர்கோடு என்றால் தவறாது.”

அவள் ஏன் முதலிலேயே சொல்லவில்லை? அதற்கான பதில் உங்களிடம் இருக்க வேண்டும், கதையில் இருக்க வேண்டியதில்லை. கோபமாக இருக்கலாம், கேட்கட்டும் என்ற வீம்பாக இருக்கலாம். அண்ணன் என்னென்ன எண்ணைப் போடுகிறான் என்று பார்க்க ஆசைப்பட்டிருக்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான். எதை நீங்கள் தேர்ந்தாலும் அவள் சொல்லும் தொனி மாறும், சொற்கள் மாறாது.

போன் திறந்ததும் அவன் மோட்டார் படங்களைத் தேடுகிறான். ஒவ்வொரு படத்திலும் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு, அதில் சாக்பீஸால் உரியவர் பெயர். சிலேட்டைப் பிடித்திருக்கும் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. நகத்தில் கருப்பு மசகு. படம் படமாகத் தள்ளிக்கொண்டே போகிறான். எல்லாப் படத்திலும் அதே கை. அப்பாவின் கை இல்லை. சில படங்களில் அந்தக் கை காயில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் விளக்கம் எழுதினால் அடித்துவிடுங்கள்.

மறுநாள் மோட்டார்கள் உரியவர்களிடம் போகின்றன. சித்தப்பா வந்திருப்பவர்களிடம் பெருமையாகச் சொல்கிறார், “பார்த்தீர்களா, பிள்ளை வந்து திறந்துவிட்டான்.” கதை இந்தப் புள்ளிக்காகத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தது. பழைய எதிர்பார்ப்பு குறையாக வந்தால் எதிர்த்து நிற்பது சுலபம். பாராட்டாக வரும்போதுதான் ஆள் அகப்படுவான். அவன் பேசாமல் இருந்தால் பழைய கணிப்பு இன்னும் இருபது வருடம் ஓடும். பேசினால்? நான் அவனைப் பேச வைப்பேன்: “நான் திறக்கவில்லை, தங்கச்சிதான் திறந்தாள்.” சித்தப்பா சிரிக்கிறார். “நீ சொல்லிக் கொடுத்திருப்பாய்.” உண்மையைச் சொன்னாலும் ஏறாத இடம் இருக்கிறது என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது, அவளுக்கு அது எப்போதோ தெரியும்.

இவ்வளவு வேலை நடக்கிறதே, துக்கம் எங்கே என்று கேட்பீர்கள். கதை எழுதுபவர்கள் பலர் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகளை வரிசையாக ஏற்றிவிடுகிறார்கள். அதை 1969இல் முன்வைத்த மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ், மரணத்தை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளிடம் பேசித்தான் அந்தப் படிகளைச் சொன்னார். இழந்து நிற்பவர்களைப் பற்றிய பேச்சாக அது பிறகுதான் பரவியது. உங்களுக்கு உதவக்கூடியது 1999இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபவும் ஹெங்க் ஷுட்டும் சொன்னது. இழந்தவர் ஒரு நேரம் இழப்பில் மூழ்குகிறார், ஒரு நேரம் ஆக வேண்டிய காரியத்தில் இறங்குகிறார்; ஊஞ்சல்போல் இரண்டுக்கும் நடுவே போய் வருகிறார். காரியத்தில் இறங்குவது துக்கத்தை மறைப்பதில்லை, அதுவும் துக்கத்தின் பாதி. எனவே அழுகைக் காட்சிகளைத் தனியாகத் தேட வேண்டாம். சிம்மைக் கழற்ற ஊசி கேட்டுக்கொண்டிருக்கும்போது வார்த்தை நின்றுபோகலாம். அடுத்த நிமிடம் ஊசி கிடைத்து வேலை தொடரலாம்.

தமிழில் இதற்கு நமக்குப் பழைய முன்மாதிரியே உண்டு. பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டு ஐந்தே அடி. அதில் அழுகை என்ற சொல்லே கிடையாது. அன்றைய நிலவில் தந்தையும் இருந்தான், குன்றும் எங்களுடையதாக இருந்தது. இன்றைய நிலவில் குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை. அவ்வளவுதான் செய்தி. தந்தையையும் குன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆளை இழப்பதும் இடத்தை இழப்பதும் ஒன்றாகவே நடக்கின்றன. உங்கள் கதையில் பட்டறை அந்தக் குன்று. அதைப் பற்றி மகன் வருந்துவதாக எழுதாமல், மோட்டார்கள் ஒவ்வொன்றாக வெளியே போவதை மட்டும் எழுதுங்கள்.

அலுவலகத்தை எவ்வளவு கொண்டுவருவது? லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சடங்கின் நடுவே வேலை பார்க்கும் மகன் இப்போது தேய்ந்துபோன உருவம். நிஜத்தில் நடப்பது வேறு. இரவு நேரப் பொறுப்பு அவன் முறையாக இருந்தால், குழுவில் ஒரு வரி எழுதுவான்: அப்பா இறந்துவிட்டார், என் முறையை யாராவது எடுத்துக்கொள்ள முடியுமா? ஒரு நிமிடத்தில் இன்னொருவர் பெயர் அட்டவணையில் ஏறிவிடும். எதுவும் நிற்காது. அவன் இல்லாவிட்டால் நின்றுபோகக்கூடிய அமைப்பைக் கட்டக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் பாடமே. அந்த ஒரு நிமிடத்தைக் கதையின் முன்பகுதியில் போகிறபோக்கில் வைத்துவிடுங்கள். வீட்டில் அவனுக்காகக் காலியாக வைத்திருந்த இடத்தை வாசகர் பார்க்கும்போது அது தானாக வேலை செய்யும். இரண்டையும் நீங்கள் ஒப்பிட்டுக் காட்டினால் கெட்டுவிடும்.

கூகுளில் கணக்கு செயலற்றுப் போனால் யாருக்குத் தரவு போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி 2013 முதல் இருக்கிறது. ஆப்பிளும் 2021 டிசம்பரில் அதுபோல் ஒன்றைக் கொண்டுவந்தது. அப்பா அதைச் செய்திருக்க மாட்டார். மகனும் செய்திருக்க மாட்டான் என்பது நல்ல விவரம். அவனுக்கு அது எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

பார்வைக்கோணத்தைப் பொறுத்தவரை, படர்க்கையில் அவனோடு ஒட்டிக்கொண்டே போங்கள். தன்மையில் எழுதினால் பிறந்த வருடத்தைப் போட்டதை அவன் வாயாலேயே சொல்ல வேண்டிவரும், அல்லது வாசகரிடம் ஒளிக்க வேண்டிவரும், இரண்டும் சரிப்படாது. தங்கையின் மனதுக்குள் ஒருபோதும் போகாதீர்கள். அவளை அவன் பார்க்கும் அளவுக்குத்தான் நாமும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கை தெரியும் படங்களுக்கு வலு இருக்காது.

முடிவைச் சித்தப்பாவின் சிரிப்பிலேயே விட்டுவிடலாம். அதன்பின் அவன் பஸ் ஏறுவதையோ, பட்டறையைத் தங்கை பெயருக்கு எழுதிக் கொடுப்பதையோ சேர்க்க வேண்டாம். பின்னதைச் செய்தால் அவன் மறுபடி எல்லாவற்றையும் தீர்த்துவைக்க வந்த என்ஜினியர் ஆகிவிடுவான். தொடக்கத்தில் இப்போது நீங்கள் வைத்திருக்கக்கூடிய பயணத்தையும் ஜன்னலோர நினைவுகளையும் மொத்தமாக எடுத்துவிடுங்கள். முதல் வரியிலேயே ஒருவர் மோட்டாரைக் கேட்கலாமா கூடாதா என்று தயங்கிக்கொண்டு வாசலில் நிற்கட்டும். அவருக்குப் பதில் சொல்ல வீட்டுக்குள்ளிருந்து யார் எழுந்து வருகிறார்கள் என்பதை அடுத்த வரியில் முடிவுசெய்யுங்கள்.